முட்டம் கடற்கரையில் நிற்கும் மாப்பிள்ளை ஏன் ஸ்டிக்கராகத் தெரிகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கட்டிங் பக்காவா இருக்கு சார், பின்ன ஏன் ஒட்டி வச்ச மாதிரி தெரியுது?"

நாகர்கோவிலில் என்னிடம் வடிவமைப்பு பயிலும் மாணவர் ஒருவர் கேட்டது இது. திருமண ஆல்பம் ஒன்றுக்காக, வீட்டு முற்றத்தில் காலை 11.30 மணி வெயிலில் எடுத்த மாப்பிள்ளையின் முழு உருவப் படத்தை Photoshop-இல் வெட்டி, முட்டம் கடற்கரையில் மாலையில் எடுத்த பின்னணியில் நிறுத்தியிருந்தார். அவருக்கு நான் எழுதிய குறிப்பை மற்ற மாணவர்களும் வாங்கிப் படித்துவிட்டு அதே சந்தேகங்களை வெவ்வேறு சொற்களில் கேட்கத் தொடங்கியதால், அந்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

வெட்டிய விதத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. மணலில் ஒருவர் நின்றால் அவரால் அந்த மணல் மாறுகிறது. அவர் வெயிலை மறைக்கிறார், அவருடைய பாரம் மணலை அமுக்குகிறது. அந்த இடமும் அவரை மாற்றுகிறது. மாலை வெயில் ஒரு தோளைச் சிவக்க வைக்கிறது, வானத்தின் நீலம் நிழற்பக்கத்தில் ஏறுகிறது, மணலின் நிறம் வேட்டியின் கீழ்க்கரையில் படிகிறது. மாணவரின் படத்தில் மாப்பிள்ளை கடற்கரையை எதுவும் செய்யவில்லை, கடற்கரையும் மாப்பிள்ளையை எதுவும் செய்யவில்லை. பார்ப்பவருக்கு இதைச் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

"அப்ப முதல்ல எதைச் சரி செய்யணும்?"

உருவத்தின் அளவு, வெளிச்சத்தின் திசை, காலடி, கறுப்பின் அளவு, அதன் பிறகே ஓரம். பெரும்பாலானவர்கள் ஓரத்தில் தொடங்கி இரண்டு மணி நேரம் செலவழித்துவிட்டு, ஆளின் அளவு தவறு என்று கடைசியில் கண்டுபிடித்து மறுபடியும் சுருக்குகிறார்கள். சுருக்கியவுடன் அந்த இரண்டு மணி நேர வேலை வீணாகிவிடும்.

"ஆளோட சைஸ் சரியான்னு கண்ணால பாத்துதான் முடிவு பண்ணணுமா?"

கடற்கரைப் படத்தில் அதற்குத் தேவையே இல்லை, ஏனெனில் கடலும் வானும் சேரும் அந்தக் கோடே ஓர் அளவுகோல். கேமரா தரையிலிருந்து எந்த உயரத்தில் இருந்ததோ, சமதரையில் நிற்கும் ஒவ்வொருவரையும் அடிவானக் கோடு அதே உயரத்தில்தான் வெட்டிச் செல்லும்; அவர் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் இதில் மாற்றமில்லை. முட்டத்துப் பின்னணியை எடுத்தவர் மணலில் நின்று, கேமராவைச் சுமார் 150 செ.மீ. உயரத்தில் பிடித்திருந்தார். அந்தப் படத்தில் தற்செயலாக நடந்துபோகும் ஒருவரின் தாடைக்கு நேராக அடிவானம் போவதே இதற்குச் சான்று. 170 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் தாடையும் ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும்.

மாணவரின் படத்தில் அந்தக் கோடு மாப்பிள்ளையின் இடுப்பில் போனது. இடுப்பு என்பது ஆளின் உயரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம். 150 செ.மீ. இடுப்பளவே என்றால், முழு ஆளும் 250 செ.மீ. உயரம், அதாவது எட்டடிக்கு மேல். முன்னால் நிற்பதால் பெரிதாகத் தெரிகிறார் என்று மாணவர் வாதாடினார். முன்னால் நிற்பவரின் தலை சற்றுத்தான் மேலே போகும், பாதம்தான் படத்தில் நிறையக் கீழே இறங்கும்.

திருத்தும் கணக்கு எளிது. அந்தப் படத்தில் அடிவானத்துக்கும் பாதம் வைக்க விரும்பிய இடத்துக்கும் இடையே 1600 பிக்சல் இருந்தது. அது 150 செ.மீ.க்குச் சமம், அதாவது 170 செ.மீ. ஆளின் உயரத்தில் 88 சதவீதம். 1600-ஐ 0.88-ஆல் வகுத்தால் 1818. மாப்பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை 1818 பிக்சலாக வைத்தால் போதும்.

"பாறை மேல நிக்க வச்சா இந்தக் கணக்கு வருமா?"

நேரடியாக வராது. பாறை மணலைவிட ஒரு மீட்டர் உயரம் என்றால் கேமரா பாறையின் தளத்திலிருந்து 50 செ.மீ. மேலேதான் இருக்கிறது, ஆகவே அடிவானம் அவருடைய முழங்கால் அருகே போக வேண்டும். கடலை நோக்கிச் சரியும் மணலிலும் சிறிய பிழை வரும். அங்கே ஐந்து சதவீதம் முன்பின் இருப்பதைக் கண் பொறுத்துக்கொள்ளும்.

"நிழல் இல்லைன்னு சொல்றீங்க, நான் Drop Shadow போட்டிருக்கேனே சார்?"

அந்தப் படத்தை ஸ்டிக்கராக மாற்றியதில் பெரும் பங்கு அதற்குத்தான். Drop Shadow என்ன நிழலைக் காட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காகிதத்தின் மேல் சற்றே உயரத்தில் இன்னொரு காகிதம் இருந்தால் விழும் நிழல் அது. உருவத்தின் சுற்றுக்கோட்டை அப்படியே நகலெடுத்து, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, ஒரே அளவில் மங்கவைக்கிறது. மாப்பிள்ளைக்குப் பின்னால் அரை அடியில் சுவர் இருந்தால் அது பொருந்தும். அவருக்குப் பின்னால் இருப்பதோ அரபிக் கடல்! கடலின் மேலும் வானத்தின் மேலும் ஒருவரின் தோள் நிழல் விழுவதைப் பார்த்தவுடன், அந்தக் கடல் ஒரு தட்டையான அச்சுத்தாள் என்று கண் முடிவு செய்துவிடுகிறது. எழுத்துக்கும் பொத்தானுக்கும் உள்ள வசதியை நிற்கும் மனிதருக்குப் போடவே கூடாது.

நிற்கும் மனிதருக்கு இரண்டு நிழல்கள் வேண்டும், இரண்டையும் வெவ்வேறு லேயரில் வையுங்கள். முதலாவது, செருப்பும் மணலும் தொடும் இடத்தில் உள்ள இருட்டு. வெயில் மட்டுமல்ல, வானத்தின் வெளிச்சமும் நுழைய முடியாத இடுக்கு அது. படத்தின் அந்தப் பகுதியிலேயே மிகவும் கருமையாக இருக்க வேண்டும், சில பிக்சலே அகலம் இருக்க வேண்டும், விரைவில் மறைந்துவிட வேண்டும். இது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான நீள நிழல் போட்டாலும் ஆள் ஒரு அங்குலம் மிதப்பார். இரண்டாவது, வெயிலை மறைப்பதால் தரையில் நீளமாகப் படுக்கும் நிழல். அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

காலடியில் இன்னொரு வேலையும் உண்டு. முற்றத்தின் சிமெண்டுத் தரையில் நின்ற செருப்பின் அடிக்கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருக்கும். மணலில் செருப்பு சற்றுப் புதையும், ஓரத்தில் மணல் மேலேறும். மாப்பிள்ளையின் மாஸ்க்கில் சிறிய, கடினமான, மணல் போன்ற புள்ளிகளுள்ள பிரஷ்ஷால் செருப்பின் அடி விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத் தாறுமாறாக மறைத்தால், பின்னணியில் உள்ள மணலே மேலேறி நிற்கும். இது பத்து நிமிட வேலை. இந்தப் படத்தில் வேறு எந்தத் திருத்தமும் இவ்வளவு பலன் தரவில்லை.

"நீள நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், என்ன கலர்?"

பின்னணியில் ஏற்கெனவே விழுந்திருக்கும் நிழலைப் பார்ப்பதுதான் முதல் வழி. அந்தப் படத்தில் வெயில் வலப்பக்கம் பின்னாலிருந்து வந்தது. பாறைகளின் நிழல் இடப்பக்கம் முன்னோக்கி விழுந்திருந்தது. நீளத்தைக் கணக்கிட்டும் சரிபார்க்கலாம். நம் மாவட்டம் 8 பாகை அட்சரேகையை ஒட்டி இருப்பதால் மாலைச் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது, மணிக்குச் சுமார் 15 பாகை. அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்த படம் என்றால் சூரியன் 15 பாகை உயரத்தில் இருந்திருக்கும், 170 செ.மீ. ஆளின் நிழல் 6 மீட்டரைத் தாண்டும். மாணவர் போட்டிருந்த முழங்கால் நீள நிழல் உச்சிவேளைக்கு உரியது. 6 மீட்டர் நிழல் படச்சட்டத்துக்கு வெளியே ஓடிவிடும். ஓடட்டும், வெட்டுப்பட்ட நிழல் குறையாகத் தெரியாது.

அந்த நிழலின் விளிம்பு காலடியில் கூர்மையாகவும் தலைப்பக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டும். சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதால், ஆறு மீட்டருக்கு மேல் பயணப்பட்டு விழும் தலையின் நிழல் விளிம்பு சுமார் 6 செ.மீ. அகலத்துக்குக் கரைந்திருக்கும். முழு நிழலுக்கும் ஒரே மங்கல் கொடுத்தால் அதுவும் தனியாக ஒட்டிய துணியாகத் தெரியும்.

நிறத்தை ஊகிக்க வேண்டாம், அளந்துகொள்ளுங்கள். Info பலகத்தில் வெயில் பட்ட மணல் 196, 150, 112 என்று காட்டியது; பாறையின் நிழலில் இருந்த மணல் 98, 88, 84. சிவப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது, நீலமோ கால் பங்கு மட்டுமே குறைந்திருக்கிறது. வெயில் போன இடத்துக்கு வானத்தின் நீலம் வந்து சேர்வதே காரணம். நிழல் மதிப்பை வெயில் மதிப்பால் வகுத்து 255-ஆல் பெருக்கினால் நிழல் லேயருக்கு உரிய நிறம் கிடைக்கும்:

```
98/196 × 255 = 128
88/150 × 255 = 150
84/112 × 255 = 191
```

128, 150, 191 என்ற இந்த மங்கிய நீலத்தை Multiply முறையில், Opacity 100 வைத்துப் பூசினால் வெயில் மணல் சரியாக நிழல் மணலாக மாறும். கறுப்பைப் பூசி Opacity-யைக் குறைத்தால் மூன்று நிறமும் ஒரே விகிதத்தில் குறைந்து, மணலில் புகை படிந்தது போல இருக்கும். ஓர் எச்சரிக்கை: ஏற்கெனவே நிழலில் இருக்கும் பாறையின் மேல் இந்த நிழலை ஏற்றாதீர்கள். வெயில் படாத இடத்தில் மறைப்பதற்கு வெயிலே இல்லை.

"கலர் எல்லாம் மேட்ச் பண்ணிட்டேன், ஆனா ஆள் மட்டும் துருத்திட்டு முன்னால நிக்காரு."

கறுப்பு பொருந்தவில்லை. மாலைக் கடற்கரையில் உப்புச்சாரல் கலந்த காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. சூரியனை ஒட்டிப் பிடித்த கேமராவின் லென்ஸுக்குள்ளும் கொஞ்சம் ஒளி சிதறுகிறது. ஆகவே அந்தப் படத்தில் முழுக் கறுப்பு எங்குமே இல்லை. பாதத்துக்குப் பக்கத்தில் இருந்த பாறையின் பிளவு 26, 25, 33 என்று காட்டியது. முற்றத்தில் எடுத்த மாப்பிள்ளையின் தலைமுடி 5, 5, 6. சுற்றுமுற்றும் எதுவுமே எட்டாத கருமை அவர் தலையில் மட்டும் இருந்தால், அவர் வேறு காற்றில் நிற்பது போலத்தான் தோன்றும்.

மாப்பிள்ளையின் லேயருக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒரு Curves லேயரைச் சேர்த்து, ஒவ்வொரு நிறத்திலும் இடது கீழ்முனையை மேலே தூக்குங்கள்: சிவப்பில் 22, பச்சையில் 21, நீலத்தில் 28. முடி பாறைப் பிளவின் அளவுக்கு வந்து சேரும். வெள்ளைக்கும் இதே விதிதான். பட்டுச் சட்டையின் வெண்மை 250-ஐ ஒட்டி எந்தச் சாயலும் இல்லாமல் இருந்தது. வெயில்படாத முன்பக்கச் சட்டை, நிழலில் உள்ள அலைநுரையைப் போல மங்கி நீலம் கலந்திருக்க வேண்டும். 250-க்கு அருகே போகும் உரிமை வலத்தோளின் மெல்லிய விளிம்புக்கு மட்டுமே உண்டு.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயரை வைத்து, படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நிறம் போன பிறகும் ஆள் துருத்தினால் குறை கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது. அது தீர்ந்த பிறகு அந்த லேயரை அணைத்துவிட்டு, Saturation-ஐத் தற்காலிகமாக உச்சத்துக்கு ஏற்றினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத நிறப் பிசகு உடனே வெளிவரும்.

"திருவள்ளுவர் சிலையை வச்சு செஞ்சேன், சிலையோட கறுப்பை அளந்து வச்சா ஆள் வெளிறிப் போறாரு."

தவறான தூரத்தில் அளந்திருக்கிறீர்கள். 133 அடி உயரச் சிலை கடலுக்குள் பாறையில் இருக்கிறது. கரையிலிருந்து பார்க்கும்போது இடையில் உள்ள காற்றெல்லாம் சேர்ந்து அதன் இடுக்குகளை நீலச் சாம்பலாக்கிவிடுகிறது. கரையில் நிற்கும் ஆளுக்கு, கரையில் அதே தொலைவில் உள்ள கைப்பிடிச் சுவரின் அடி, படகின் உட்புறம் போன்றவற்றைத்தான் அளக்க வேண்டும். முட்டத்துப் படத்தில் பாதத்துக்குப் பக்கத்துப் பிளவை நான் எடுத்துக்கொண்டதும் இதனால்தான்.

"மொத்தத்துக்கும் மேல ஒரு ஃபில்டர் போட்டா எல்லாம் ஒண்ணாயிடாதா?"

ஆகாது. மேலே போடும் ஃபில்டர் முடியின் 5-ஐயும் பாறையின் 26-ஐயும் சேர்த்தே நகர்த்தும். இடைவெளி இருந்தபடியே இருக்கும். முந்தைய திருத்தங்களுக்குப் பிறகு, ஆல்பத்தின் மற்றப் பக்கங்களோடு தொனி சேர்வதற்காகப் போடுவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

"தோள் ஓரத்துல பச்சையா ஒரு கோடு வருது. Feather போட்டா ஓரம் எல்லாம் மங்கிப்போகுது."

அந்தப் பச்சை, முற்றத்துச் சுவரின் பெயிண்ட். ஓரப் பிக்சல் ஒவ்வொன்றிலும் பாதி சட்டையும் பாதி சுவரும் கலந்திருக்கின்றன. எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அந்தக் கலவை கூடவே வரும். Select and Mask பகுதியில் உள்ள Decontaminate Colors தலைமுடிக்கு ஓரளவு உதவும். சட்டை ஓரத்துக்கு, மாப்பிள்ளையோடு கட்டிய ஒரு வெற்று லேயரை Color முறையில் வைத்து, பக்கத்திலுள்ள சட்டையின் நிறத்தையே எடுத்து ஓரத்தில் தடவுவது இன்னும் பத்திரம்.

எல்லா ஓரத்துக்கும் ஒரே Feather போடுவது, கத்தரிக்கோலுக்குப் பதில் மழுங்கிய கத்தரிக்கோலை எடுப்பது போன்றது. பின்னணியில் அதே தொலைவிலுள்ள பாறையின் விளிம்பைப் பெரிதாக்கி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாற எத்தனை பிக்சல் ஆகிறது என்று எண்ணுங்கள். இந்தப் படத்தில் மூன்று. சட்டைக்கும் மூன்று போதும். முடிக்குக் கூடுதலாக, செருப்பின் வாருக்குக் குறைவாக, மாஸ்க்கிலேயே பிரஷ்ஷால் மாற்றிக்கொள்ளலாம்.

"ஃப்ளெக்ஸுக்குத்தானே சார், ரோட்டுல போறவங்க இதையெல்லாம் பாக்கவா போறாங்க?"

ஓரத்துப் பச்சையைப் பார்க்கமாட்டார்கள். மணல் மேலேறிய செருப்பைக்கூடப் பார்க்கமாட்டார்கள். எட்டடி மாப்பிள்ளையையும், தலையில் மட்டும் இருக்கும் கருமையையும், வெயிலுக்கு எதிர்த்திசையில் விழும் நிழலையும் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்த்துவிடுவார்கள். ஃப்ளெக்ஸ் என்றால் ஓர வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய நான்கையும் குறைக்க முடியாது.

"எல்லாம் செஞ்சாச்சு சார். உடம்பு ஒட்டிருச்சு, முகம் மட்டும் ஒட்டமாட்டேங்குது."

ஒட்டாது. 11.30 மணி வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கியதால் கண்குழியிலும் மூக்கின் கீழும் தாடையின் கீழும் கறுத்த நிழல் விழுந்திருக்கிறது. நெற்றியும் மூக்குத் தண்டும் மின்னுகின்றன. முட்டத்து மாலையில் வெயில் அவருடைய வலக்காதையும் கன்னத்தின் விளிம்பையும்தான் தொடும், முகத்தின் முன்பகுதியில் வானத்தின் மெல்லிய வெளிச்சமே இருக்கும். மூக்கு நிழலை அழித்து, நெற்றி மினுக்கத்தை அடக்கி, விளிம்பில் புது வெயில் வரைந்தால் முகத்தின் எலும்பமைப்பே மாறி, அது வேறு யாரோ ஆகிவிடும். திருமண ஆல்பத்தில் சொந்தக்காரர்கள் பார்க்கும் முதல் இடம் அது.

ஆகவே அந்தப் படத்தைக் கைவிடச் சொன்னேன். அதே நாள் வீட்டுத் திண்ணையில், வலப்பக்கத் திறப்பிலிருந்து மென்மையான வெளிச்சம் வர எடுத்த இன்னொரு படம் அவரிடம் இருந்தது. வலத்தோளுக்கும் காதுக்கும் மட்டும் மெல்லிய மஞ்சள் விளிம்பு சேர்த்தபோது அது சேர்ந்துகொண்டது. மேலே சொன்ன கறுப்பு, காலடி, நிழல் வேலைகளெல்லாம் அதற்கும் தேவைப்பட்டன.

அடுத்த முறை பின்னணி எடுக்க முட்டத்துக்கோ சொத்தவிளைக்கோ போகும்போது, காலிக் கடற்கரையை எடுத்து முடித்தவுடன், கேமராவை அசைக்காமல், வெள்ளைச் சட்டை போட்ட நண்பர் ஒருவரை மாப்பிள்ளை நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தி இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய உயரத்தைக் கேட்டு எழுதி வைத்தால், அடிவானம் வெட்டும் இடம், நிழலின் நீளம், முடியின் கறுப்பு, சட்டையின் இரு பக்க வெண்மை, மணலில் செருப்பு புதையும் விதம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே படத்தில் உங்களிடம் இருக்கும்.